குறைந்துபோன எட்டரைக் கிராம்

எழுவைதீவில் யாராவது நகை அடகு வைக்கப் போவதென்றால், முதல் நாள் பின்னேரம் மேரிசுகந்தியின் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வருவார்கள். அவள் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. சாதாரணதரப் பரீட்சை வரை போனவள், கணக்கில் மட்டும் திறமைச் சித்தி எடுத்தவள். கல்யாணமான சில வருடங்களில் தன் தாயின் காப்பு இரண்டைப் பட்டினத்தில் ஒரு கடையில் வைத்தாள். அடகுத் துண்டில் "காப்பு 2" என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். மீட்டபோது இரண்டு காப்பு வந்தது. ஆனால் அவை தாயின் காப்புகள் அல்ல, உள்ளே பொள்ளலானவை. நிறை எழுதாத துண்டை வைத்துக்கொண்டு யாரோடு வழக்காடுவது?

அதற்குப் பிறகு அவள் யாரையும் வெறுமனே கையெழுத்து வைக்க விட்டதில்லை. மொத்த நிறை எவ்வளவு, கல்லும் அழுக்கும் கழித்துத் தேறிய நிறை எவ்வளவு, எத்தனை கரட், எவ்வளவு பெறுமதி போட்டிருக்கிறார்கள், வட்டி மாதத்துக்கோ வருடத்துக்கோ, தவணை எப்போது முடியும், முடிந்தால் எத்தனை நாளில் ஏலம், ஏலத்தில் மிஞ்சும் காசு யாருக்கு. இவ்வளவையும் அவள் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுப்பாள். துண்டோடு திரும்பி வந்தால் வாங்கிப் பார்த்து, ஒரு நீல மட்டைக் கொப்பியில் எழுதி வைப்பாள். இதற்காக யாரிடமும் ஒரு சதமும் வாங்கியதில்லை. சிலர் மீன் கொண்டு வந்து கொடுப்பார்கள். அவளுடைய புருசனே கடலுக்குப் போகிறவர் என்பதால் அதையும் திருப்பி அனுப்பிவிடுவாள்.

அவளுக்கென்று இருந்தது ஒரு தாலிக்கொடி, ஏழு பவுண். ஐம்பத்தாறு கிராமுக்கு நூறு மில்லிக் கிராம் குறைவு. இடம்பெயர்ந்து நாவாந்துறையில் இருந்த காலத்தில் வயிற்றோடு கட்டிக் காப்பாற்றிய கொடி. நாள்பாட்டுக்கு மஞ்சள் கயிறுதான் போடுவாள். கொடி கோயில் பெருநாளுக்கும் கல்யாண வீடுகளுக்கும் மட்டும். மண்ணெண்ணெய் விலை ஏறிய வருடத்தில் ஊர்காவற்றுறையில் வங்கியில் வைத்தாள். இரண்டாயிரத்து இருபத்துமூன்று ஆவணியில் மீட்டாள். அப்போது கண்முன்னால் நிறுக்கச் சொல்லி, 55.900 என்று பார்த்துத்தான் வாங்கினாள். அதற்குப் பிறகு அது அலுமாரியில், சீலைகளுக்கு அடியில் இருந்தது.

புருசன் பஸ்ரியாம்பிள்ளை அதிகம் பேசாத மனிதர். போன வருடத்துக்கு முந்திய வைகாசியில் அவருடைய வள்ளம் கவிழ்ந்தது. கூடப் போன அன்ரனிதாஸ் திரும்பி வரவில்லை. இரண்டாம் நாள்தான் உடல் கரை ஒதுங்கியது. அதிலிருந்து பஸ்ரியாம்பிள்ளையின் பேச்சு இன்னும் குறைந்தது. அது சோழகக் காற்றுத் தொடங்கிய நாள். காற்று இரைகிறது, போகாதேங்கோ என்று மேரிசுகந்தி அன்று விடிய மறித்திருந்தாள். "அன்ரனிதாஸ்தான் போவம் எண்டு நிண்டவன்" என்று பஸ்ரியாம்பிள்ளை ஊருக்கும் பொலிசுக்கும் பங்குச் சாமியாருக்கும் சொன்னார். அன்ரனிதாஸின் மனைவி றோசும் அதைத்தான் நம்பினாள். செத்துப்போன புருசனை நினைத்து, "என்ரை சொல்லைக் கேளாத மனிசன்" என்று அவள் அழாத நாள் இல்லை.

போன வருடம் ஆடியில் வள்ளத்தின் எஞ்சின் ஒரேயடியாக நின்றுபோனது. திருத்துகிறவன் வந்து பார்த்து, வேறு எஞ்சின் வாங்குவதுதான் வழி என்று சொல்லிவிட்டான். மேரிசுகந்தி கொடியை எடுத்து ஒரு கைலேஞ்சியில் சுற்றினாள். பஸ்ரியாம்பிள்ளை வாசலில் நின்று பார்த்தார்.

"வேண்டாம் சுகந்தி. கொஞ்ச நாள் ஆற்றையும் வள்ளத்திலை போறன்."

"ஆற்றை வள்ளத்திலை போய் ஆருக்கு உழைக்கப் போறியள்? வங்கியில வைச்சால் பத்திரமாய்க் கிடக்கும்."

அவர் வாசலை விட்டு விலகினார். அவள் காலைப் படகில் ஊர்காவற்றுறைக்குப் போனாள்.

வங்கியில் அடகுப் பகுதியில் இருந்தது யசோதரா என்ற பெண். வந்து ஒரு வருடம்தான். அவள் கொடியை உரைகல்லில் உரசி, துளி மருந்து விட்டுப் பார்த்தாள். பிறகு தராசில் வைத்தாள். மேரிசுகந்தி வழக்கம்போலக் கண்ணாடிக்கு மேலால் எட்டி இலக்கத்தைப் பார்த்தாள்.

47.350.

"பிள்ளை, தராசைப் பாரும். பிழையாய்க் காட்டுது."

யசோதரா எடுத்து மறுபடி வைத்தாள். அதே இலக்கம்.

"இது ஏழு பவுண் கொடி. ரெண்டு வருசத்துக்கு முதல் உங்கடை வங்கியிலதான் மீட்டனான். ஐம்பத்தஞ்சு தொள்ளாயிரம். உங்கடை கொம்பியூட்டரிலயே கிடக்கும், தட்டிப் பாரும்."

யசோதரா தட்டிப் பார்த்தாள். உண்மைதான். தேறிய நிறை 55.900, இருபத்திரண்டு கரட், மீட்ட திகதி, மேரிசுகந்தியின் கையெழுத்து.

"இப்ப என்ன சொல்லுறீர்? வீட்டில அலுமாரிக்குள்ள கிடந்த பவுண் கரைஞ்சு போச்சுதோ?"

வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். மேரிசுகந்திக்குக் குரல் ஏறியது. இந்தத் தராசை வைத்து எத்தனை பேரின் வயிற்றில் அடித்தீர்கள் என்று கேட்டாள். முகாமையாளர் எழும்பி வந்தார். யசோதராவின் முகம் சிவந்து, கண் கலங்கியது. ஆனாலும் அவள் லாச்சியைத் திறந்து ஒரு சின்னப் பெட்டியிலிருந்து ஐம்பது கிராம் படிக்கல்லை எடுத்து, "அன்ரி, நீங்களே வையுங்கோ" என்று நீட்டினாள்.

மேரிசுகந்தி வைத்தாள். 50.000.

கல்லை எடுத்துவிட்டு, தன் கையாலேயே கொடியை வைத்தாள். 47.350.

யசோதரா உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக் கொடியின் கொளுக்கிப் பக்கத்தைக் காட்டினாள். பிடரி மயிர் மறைக்கும் இடம். மற்ற வளையங்கள் தேய்ந்து மங்கியிருக்க, ஓரிடத்தில் மட்டும் ஒட்டு புதிதாக மினுங்கியது.

"இதில வெட்டி ஒட்டியிருக்கு அன்ரி. வங்கியில இருந்து போன பிறகுதான்."

மேரிசுகந்தி கதிரையில் இருந்தாள். தண்ணீர் கொடுத்தார்கள். அலுமாரிப் பூட்டுக்குத் திறப்பு இரண்டு. ஒன்று அவளிடம். மற்றது யாரிடம் என்று யாரும் அவளுக்குச் சொல்லத் தேவையில்லை. கொடியை மறுபடி கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டு எழும்பினாள். யசோதராவின் முகத்தைப் பார்க்காமலே வெளியே போய்விட்டாள்.

பின்னேரப் படகில் வந்து இறங்கியபோது பஸ்ரியாம்பிள்ளை இறங்குதுறையிலேயே நின்றார். அவள் முகத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்தார். இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். குசினிக்குள் போனதும் அவள் கேட்டாள்.

"எங்கை?"

அவர் தூண்டில் முள்ளுப் பெட்டியின் அடியிலிருந்து நாலாக மடித்த ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார். பட்டினத்தில் ஒரு தனியார் அடகுக் கடையின் துண்டு. அவரே ஒரு தட்டானிடம் கொடியின் ஒரு பகுதியை வெட்டி எடுப்பித்து, அதை இந்தக் கடையில் வைத்திருக்கிறார்.

மேரிசுகந்தி மற்றவர்களின் துண்டைப் பார்ப்பதுபோலவே அதையும் மேலிருந்து பார்த்தாள். கோபம் வந்தாலும் கண் தன் பாட்டில் ஒவ்வொரு வரியாகப் போனது.

மொத்த நிறை 8.520. வெட்டி ஒட்டியதில் அரத்தோடு போனது முப்பது மில்லிக் கிராம். அது சரி. தேறிய நிறை 7.100.

"இதில கல்லு இருந்ததோ? அரக்கு இருந்ததோ? ஒண்டே கால் கிராமுக்கு மேல என்னத்துக்குக் கழிச்சவங்கள்?"

"அழுக்கு எண்டவங்கள்."

"வெறும் பவுண் வளையத்தில ஒண்டரைக் கிராம் அழுக்கோ?"

கரட் பதினெட்டு. இருபத்திரண்டு கரட் கொடி. பெறுமதி ஒரு இலட்சத்து இருபத்தேழாயிரம். அப்போது பவுண் ஒன்றேமுக்கால் இலட்சம் போனது என்று அவளுக்கு ஞாபகம். உண்மையான நிறைக்கும் கரட்டுக்கும் கணக்குப் போட்டால் ஒரு இலட்சத்து எண்பத்தாறாயிரத்துக்குக் குறையாது. கொடுத்த காசு எண்பத்தையாயிரம். வட்டி 3%.

"மூண்டு வீதம் வருசத்துக்கு எண்டு நினைச்சனான்" என்றார் பஸ்ரியாம்பிள்ளை.

அவள் துண்டைத் திருப்பினாள். பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்ததுபோன்ற எழுத்தில் இருந்தது: வட்டி மாதத்துக்கு. வருடத்துக்கு முப்பத்தாறு. தவணை ஆறு மாதம். தவணை முடிந்தபின் துண்டில் உள்ள விலாசத்துக்கு அறிவித்தல் அனுப்பி ஏலம் விடப்படும். கடனும் வட்டியும் செலவும் போக மிஞ்சும் பணத்தை இத்துண்டைக் காட்டிப் பெறலாம்.

விலாசம் நாவாந்துறை. அடையாள அட்டையில் இருந்த பழைய விலாசத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

கடைசியாகத்தான் அவள் திகதியைப் பார்த்தாள். 10.06.2024. அதற்கு மூன்று நாள் கழித்து, அந்த ஆனி பதின்மூன்றாம் திகதி, அன்ரனிதாஸின் முப்பத்தோராம் நாள் நினைவு. அன்று றோஸ் வீட்டில் நூறு பேருக்குச் சாப்பாடு நடந்தது. ஆர் காசு கொடுத்தது என்று ஊர் கேட்டபோது, வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் என்று றோஸ் சொன்னாள்.

"றோசுக்கோ குடுத்தனீங்கள்?"

"ஓம்."

"அதை எனக்குச் சொல்லியிருந்தால் நான் மறிச்சிருப்பனோ? நானே கழட்டித் தந்திருப்பனே. ஏன் களவாய்?"

பஸ்ரியாம்பிள்ளை நிலத்தில் இருந்துவிட்டார். 

"அவன் வரமாட்டன் எண்டவன் சுகந்தி. காத்துச் சரியில்லை அண்ணை, நாளைக்குப் போவம் எண்டவன். நான்தான், பயந்தாங்கொள்ளி எண்டு பேசிக் கூட்டிக்கொண்டு போனனான். உனக்குச் சொன்னால் நீ ஏன் எண்டு கேப்பாய். கேட்டால் எனக்குப் பொய் சொல்ல ஏலாது."

வள்ளம் கவிழ்ந்த நாளிலிருந்து அவர் சொல்லாத அத்தனையும் அந்தச் சில வசனங்களில் இருந்தது. மேரிசுகந்திக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, தலையைத் தடவ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

இரண்டு நாள் கழித்து இருவரும் பட்டினத்துக்குப் போனார்கள். கடையில் குளிரூட்டி போட்டிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த மனேச்சர் துண்டை வாங்கி, கொம்பியூட்டரைப் பார்த்து, "இது மாசியில ஏலத்தில போட்டுது ஐயா" என்றார். பதிவுத் தபாலில் அனுப்பிய அறிவித்தலையும் எடுத்துக் காட்டினார். "இவ்விலாசத்தில் இல்லை" என்ற முத்திரையோடு திரும்பி வந்த உறை. பிரித்திருக்கவே இல்லை.

"கடன் எண்பத்தையாயிரம். எட்டு மாச வட்டி இருபதாயிரத்து நானூறு. அறிவித்தல், ஏலச் செலவு ரெண்டாயிரத்து ஐந்நூறு. மொத்தம் ஒரு லட்சத்து ஏழாயிரத்துத் தொள்ளாயிரம். ஏலத்தில போனது ஒரு லட்சத்து எட்டாயிரம். உங்களுக்கு மிச்சம் நூறு ரூபா இருக்கு."

லாச்சியைத் திறந்து ஒரு நூறு ரூபாத் தாளை எடுத்து மேசையில் வைத்தார்.

மேரிசுகந்தி அதைத் தொடவில்லை.

"தம்பி, உங்கடை துண்டில நீங்களே போட்ட பெறுமதி எவ்வளவு?"

அவர் பார்த்தார். "ஒரு லட்சத்து இருபத்தேழு."

"அது ஆனியில. அப்ப பவுண் ஒண்டே முக்கால். மாசியில ரெண்டு லட்சத்துப் பன்னிரண்டு. விலை ஏறின பிறகு, நீங்கள் குறைச்சுப் போட்ட நிறைக்கும் குறைச்சுப் போட்ட கரட்டுக்கும் பாத்தாலே ஒண்டரை லட்சத்துக்கு மேல வரும். ஏலத்துக்கு வந்த ஒருத்தரும் உங்கடை பெறுமதியைக்கூடக் கேக்கேல்லையோ? சரியாய்க் கடனுக்கு மேல நூறு ரூபாய்க்குத்தான் கேட்டவையோ? வாங்கினது ஆர் எண்டு காட்டுங்கோ."

மனேச்சர் துண்டைக் கண்ணாடிக்கு வெளியே தள்ளி, கையெழுத்தை விரலால் காட்டினார். பிறகு, "கையெழுத்து வைச்சது ஐயா. நிறையையும் கரட்டையும் ஒத்துக்கொண்டு வைச்ச கையெழுத்து" என்றார். அது உண்மையாகவே இருந்தது. பஸ்ரியாம்பிள்ளை தன் கையெழுத்தைப் பார்த்தார். எழுத்தில் எவ்வளவு அவசரம் இருந்தது என்பது அவருக்கே தெரிந்தது.

அவள் அங்கே சத்தம் போடவில்லை. வங்கியில் போட்ட சத்தம் அவளுக்கு இன்னும் காதில் கேட்டது. அடகுக் கடைகளுக்கு அனுமதி கொடுக்கும் பிரதேச செயலகத்துக்குப் போய் முறைப்பாடு எழுதிக் கொடுத்தாள். அங்கே இருந்த உத்தியோகத்தர் றஜீபன் எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, "அக்கா, நகை உருக்குப்பட்டிருக்கும். உருக்கின பவுணைக் கொண்டுவந்து எத்தனை கரட் எண்டு பாக்க ஏலாது. உங்களிட்டை வேற என்ன சாட்சி இருக்கு?" என்று கேட்டார்.

சாட்சி வங்கியில் இருந்தது. அதற்கு மேரிசுகந்தி மறுபடி யசோதராவின் முன்னால் போய் நிற்க வேண்டியிருந்தது. வரிசையில் ஆட்கள் இருந்த நேரத்தில்தான் போனாள்.

"பிள்ளை, அண்டைக்கு நான் உம்மை ஆக்களுக்கு முன்னால பேசினனான். தராசு பிழையில்லை. என்ரை வீட்டிலதான் பிழை. அதை ஆக்களுக்கு முன்னாலயே சொல்ல வந்தனான்."

யசோதரா தலையை ஆட்டினாள். முகாமையாளரிடம் கேட்டு, மீட்டபோது இருந்த நிறையும் கரட்டும், இப்போது நிறுத்த நிறையும் எழுதி முத்திரை வைத்த கடிதம் ஒன்று வாங்கிக் கொடுத்தாள்.

55.900 இல் 47.350 போனால் 8.550. கடைக்காரர் தாங்களே எழுதிய மொத்த நிறை 8.520. கொடி இருபத்திரண்டு கரட் என்று வங்கியின் முத்திரை. ஒரே கொடியின் ஒரு துண்டு மட்டும் எப்படிப் பதினெட்டாகும் என்று விசாரணையில் கேள்வி வந்தது. வாங்கினவரின் பெயரைக் காட்டச் சொன்னபோது புத்தகம் கொழும்பில் இருக்கிறது என்றார்கள். மூன்று முறை விசாரணைக்கு வேறு நாள் தவணை போட்டார்கள். மூன்று முறையும் மேரிசுகந்தி காலைப் படகில் வந்து, பஸ் பிடித்து, செயலகக் கந்தோரின் வாங்கில் காத்திருந்தாள். கடைசியில் நாற்பதாயிரம் தருகிறோம், முறைப்பாட்டை எடுங்கள் என்றார்கள். அவள் கணக்குப்படி வரவேண்டியது ஒரு இலட்சத்துக்கும் மேல். வழக்குக்குப் போனால் வருடக்கணக்காகும் என்றார் றஜீபன். அவள் சம்மதித்து, கடைக்காரர் கொண்டுவந்த இணக்கக் கடிதத்தை இரண்டு முறை வாசித்து, "முழுத் தொகையும்" என்று எழுதியிருந்ததை வெட்டி "சமாதானத் தொகை" என்று எழுதச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து வைத்தாள்.

வீட்டுக்கு வந்து காசை மேசையில் வைத்தாள்.

"றோசிட்டைப் போய்ச் சொல்லுங்கோ."

"என்னெண்டு சொல்லுவன்?"

"அவன் வரமாட்டன் எண்டதைச் சொல்லுங்கோ. ரெண்டு வருசம் கிட்ட அவள் செத்த மனிசனைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். எட்டரைக் கிராம் பவுண் போனதை நான் பொறுப்பன். இதைப் பொறுக்க ஏலாது."

அவர் காசையும் எடுத்துக்கொண்டு போனார். அவளும் பின்னால் போய்ப் படலையடியில் நின்றாள். றோஸ் முற்றத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பஸ்ரியாம்பிள்ளை நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். றோஸ் குனிந்த நிலையிலிருந்து நிமிரவில்லை. கையில் இருந்த மீனை மட்டும் கீழே வைத்தாள்.

"அவர் வரேல்லை எண்டவரோ?"

"ஓம்."

"ரெண்டு தரம் எண்டவரோ? ஒரு தரமோ?"

பஸ்ரியாம்பிள்ளை அழுதார். "ரெண்டு தரம்."

றோஸ் நிமிர்ந்தாள். "அண்டைக்கு நீங்கள் தந்த காசில மிஞ்சினதிலதான் நான் சேமக்காலையில அவருக்குக் கல்லறை கட்டினனான்" என்றாள். அவர் நீட்டிய காசைப் பார்க்கவும் இல்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

அடுத்த ஞாயிறு பூசைக்கு றோஸ் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு வந்தாள், மேரிசுகந்தி இருக்கும் வாங்குக்கு எதிர்ப்பக்கத்தில் முழங்காலில் நின்றாள். மேரிசுகந்தி பூசை முடிந்து கிட்டப் போனபோது விலகி நடந்தாள். ஊரில் கதை பரவியது. பஸ்ரியாம்பிள்ளையோடு கடலுக்குப் போக ஒருவரும் சம்மதிக்கவில்லை. யாரும் அவரை ஏசவுமில்லை, அடிக்கவுமில்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான். எஞ்சின் வாங்கும் கதை அத்தோடு நின்றது. வள்ளத்தை அனலைதீவில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது பஸ்ரியாம்பிள்ளை நடக்க முடிந்த தூரத்துக்குக் கடலில் தடி நட்டு வலை வளைத்துக் களங்கட்டி மீன் பிடிக்கிறார். மேரிசுகந்தி கருவாடு போட்டு விற்கிறாள். வீட்டில் இருவரும் தேவைக்குப் பேசுகிறார்கள். சில நாள் சாப்பாட்டைக் கோப்பையில் போட்டுக் கொடுத்துவிட்டு அவள் வெளியே போய் நிற்பாள். அந்த நாற்பதாயிரத்தைச் சாமியாரிடம் கொடுத்து, அன்ரனிதாஸின் பிள்ளைகள் இரண்டின் பேரில் வங்கியில் போடச் சொன்னாள். எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டாம் என்றாள். சாமியார், அது அவர்களுக்குத் தெரியவரும் என்றார். தெரிந்தால் எடுக்க மாட்டார்கள் என்றும் சொன்னார். அவள் காசை அவருடைய மேசையில் விட்டுவிட்டு வந்தாள். அது இன்னும் எடுக்கப்படாமல் அப்படியே பிள்ளைகளின் வங்கிப் புத்தகத்தில் கிடக்கிறதாம்.